பத்து பைசாவும் ஃபார்வர்ட் வட்டியும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



அரசுப் பத்திரம் வாங்கி விற்கும் வங்கியாளரின் திரையில் ஒவ்வொரு பத்திரத்துக்கும் எதிரே இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று விலை, மற்றொன்று ஈல்டு. நூறு ரூபாய் முகமதிப்புள்ள பத்திரத்தை இந்த விலைக்கு வாங்கி முதிர்வு வரை வைத்திருந்தால் ஆண்டுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்று ஈல்டு சொல்கிறது. பாடப் புத்தகமும் அதையே சொல்லும். நான் இன்று பேச வந்தது அந்த ஈல்டுக்குள்ளே என்ன இருக்கிறது என்பதைப் பற்றி.

இரண்டாண்டுப் பத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய அரசுப் பத்திரங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை கூப்பன் தருபவை. ஆக அந்தப் பத்திரத்தை வாங்கியவர் நான்கு வரவுகளை வாங்கியிருக்கிறார்: ஆறாம் மாதம் ஒன்று, பன்னிரண்டாம் மாதம் ஒன்று, பதினெட்டாம் மாதம் ஒன்று, கடைசியில் முதலும் சேர்ந்த பெரிய வரவு. ஆறு மாதக் கடனுக்குச் சந்தை ஒரு வட்டி கேட்கிறது, இரண்டாண்டுக் கடனுக்கு வேறொரு வட்டி கேட்கிறது. ஈல்டோ நான்கு வரவையும் ஒரே வட்டியில் தள்ளுபடி செய்கிறது. கதம்பத்தை முழம் போட்டு விற்பதைப் போல. முழத்துக்கு ஒரு விலை உண்டு; அதில் மல்லிகை எவ்வளவு, மரிக்கொழுந்து எவ்வளவு என்று தனித்தனியாக விலை இல்லை. அந்தத் தனித்தனி விலையைக் கண்டுபிடிப்பதுதான் ஸ்பாட் விகிதம் காண்பது. ஸ்பாட் விகிதம் என்றால் நடுவில் எதுவும் வாங்காமல், இன்று கொடுத்து, குறித்த ஒரு நாளில் மட்டும் திரும்பப் பெறும் பணத்துக்கான வட்டி.

அப்படி ஒற்றை வரவுள்ள காகிதங்கள் இருந்தால் வேலை எளிது. ஓராண்டு வரை இருக்கின்றன. ரிசர்வ் வங்கி ஏலம் விடும் 91, 182, 364 நாள் கருவூல உண்டியல்களுக்குக் கூப்பன் கிடையாது. தள்ளுபடி விலையில் வாங்கி, முடிவில் நூறு ரூபாய் பெறலாம். ஓராண்டுக்கு அப்பால் 2010 ஏப்ரல் முதல் ஸ்ட்ரிப்ஸ் என்ற வசதி இருக்கிறது. கூப்பன்களையும் முதலையும் பிரித்துத் தனித்தனிக் காகிதங்களாக விற்கலாம். ஆனால் அவற்றில் அன்றாட வியாபாரம் குறைவு. ஒழுங்காக விலை கிடைப்பது கூப்பன் பத்திரங்களுக்குத்தான். ஆகவே கிடைக்கும் விலைகளை வைத்துக்கொண்டு, சிறிய காலத்திலிருந்து பெரிய காலத்துக்கு ஒவ்வொரு படியாக ஏற வேண்டியிருக்கிறது. இதற்குச் சந்தையில் பூட்ஸ்ட்ராப்பிங் என்று பெயர்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். விலைகள் விளக்கத்துக்காக நானே வைத்தவை. கையெழுத்தில் சரிபார்க்க வசதியாக, 182 நாளை அரை ஆண்டு என்றும் 364 நாளை ஓராண்டு என்றும் கொள்கிறேன். இன்றுதான் கூப்பன் தேதி முடிந்தது என்றும் வைத்துக்கொள்வோம்.

182 நாள் உண்டியலின் விலை 97.00. அதாவது ஆறு மாதம் கழித்து வரும் ஒரு ரூபாயின் இன்றைய விலை 97 காசு. இதைத் தள்ளுபடிக் காரணி என்போம்: 0.9700. 364 நாள் உண்டியல் 94.00, காரணி 0.9400. இந்த இரண்டும் நேரே கிடைத்துவிட்டன.

அடுத்தது ஒன்றரை ஆண்டுப் பத்திரம். கூப்பன் 7 சதவீதம், விலை 100.80. அரை ஆண்டுக்கு 3.50 வரும். முதல் இரண்டு கூப்பன்களின் மதிப்பு நமக்குத் தெரியும், ஏனென்றால் அந்தத் தேதிகளின் காரணிகள் கையில் இருக்கின்றன. 3.50 × (0.97 + 0.94) = 6.685. இதை விலையிலிருந்து கழித்தால் 94.115 மிஞ்சுகிறது. இந்த மிச்சம் ஒன்றரை ஆண்டு கழித்து வரும் 103.50 ரூபாயின் இன்றைய விலை. ஆகவே மூன்றாம் காரணி:

94.115 ÷ 103.50 = 0.909324

இரண்டாண்டுப் பத்திரத்துக்கும் இதே வேலைதான். கூப்பன் 6.50 சதவீதம், விலை 99.90. மூன்று காரணிகளின் கூட்டு 2.819324, அதை 3.25-ஆல் பெருக்கினால் 9.1628. 99.90-இலிருந்து கழித்து 103.25-ஆல் வகுத்தால் நான்காம் காரணி 0.878811.

காரணிகளை வட்டியாக மாற்றுவது கடைசி வேலை. ஒன்றரை ஆண்டுக்கு 0.909324-இன் தலைகீழை எடுத்து, அதன் கனமூலத்தைக் கண்டு, ஒன்றைக் கழித்தால் அரை ஆண்டுக்கு 3.219 சதவீதம் வரும். சந்தை வழக்கப்படி இரண்டால் பெருக்கினால் 6.44. இப்படிச் செய்தால் நான்கு ஸ்பாட் விகிதங்கள் 6.19, 6.28, 6.44, 6.56 என்று கிடைக்கின்றன.

ஒரு மாணவர் இங்கே கேட்பார்: இரண்டாண்டுப் பத்திரத்தின் ஈல்டைப் போட்டுப் பார்த்தால் 6.55 வருகிறதே, 6.56-க்கும் அதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? நியாயமான கேள்வி. இரண்டாண்டில் வித்தியாசம் அற்பம்தான். காலம் நீள நீள, வளைவு செங்குத்தாக ஏற ஏற, அது பெருகும். கூப்பன் பெரிதாக இருந்தால் முன்னால் வரும் பணத்தின் பங்கு கூடும்; ஏறும் வளைவில் அந்தப் பத்திரத்தின் ஈல்டு கீழே இழுக்கப்படும். ஒரே நாளில் முதிரும் இரண்டு பத்திரங்கள் வேறு வேறு ஈல்டு காட்டினால் ஒன்று மலிவு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. இரண்டுமே சரியான விலையில் இருக்கலாம்.

ஆனால் ஸ்பாட் விகிதங்களோடு நின்றுவிட்டால் பாதி விஷயம்தான் தெரிந்திருக்கும். இந்த நான்கு காரணிகளுக்குள் இன்னும் மூன்று வட்டிகள் இருக்கின்றன. அடுத்த ஆண்டு தொடங்கி ஆறு மாதம் கடன் கொடுக்க இன்றே வட்டியைப் பூட்டிவிட முடியுமா? இப்படிச் செய்யலாம். ஓராண்டுக் காகிதத்தை 100 ரூபாய் முகமதிப்புக்கு விற்கிறேன். 94 ரூபாய் வருகிறது. அந்த 94-ஐ அப்படியே ஒன்றரை ஆண்டு ஒற்றை வரவுக் காகிதத்தில் போடுகிறேன். இன்று என் கையிலிருந்து ஒரு காசும் போகவில்லை. ஓராண்டு முடிவில் 100 ரூபாய் கொடுக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு முடிவில் 94 ÷ 0.909324, அதாவது 103.37 ரூபாய் வரும். நூறு கொடுத்து ஆறு மாதத்தில் 103.37 பெறுகிறேன் என்றால் அரை ஆண்டு வட்டி 3.37, ஆண்டுக்கு 6.75. இதுவே பன்னிரண்டாம் மாதத்திலிருந்து பதினெட்டாம் மாதம் வரையிலான ஃபார்வர்ட் விகிதம். எந்த இரண்டு காரணிகளையும் ஒன்றால் ஒன்றை வகுத்தால் போதும்.

முதல் அரை ஆண்டுக்கு 6.19. அடுத்தடுத்த ஃபார்வர்டுகள் 6.38, 6.75, 6.94. ஸ்பாட் வளைவு மெல்ல ஏறும்போது ஃபார்வர்ட் அதைவிட வேகமாக ஏறுவதைக் கவனியுங்கள். ஸ்பாட் என்பது அதுவரை வந்த ஃபார்வர்டுகளின் சராசரி போன்றது. சராசரி உயர வேண்டுமானால் புதிதாகச் சேரும் எண் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும்.

இப்போது நான் சொல்ல வந்த இடத்துக்கு வருகிறேன். ஒன்றரை ஆண்டுப் பத்திரத்தின் விலை 100.80 அல்ல, 100.70 என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து பைசா. நேற்று மாலை நடந்த சிறு வியாபாரத்தின் விலை திரையில் தங்கிவிட்டிருக்கலாம். யாரோ அவசரத்துக்கு விற்றிருக்கலாம். மற்ற மூன்று விலைகளிலும் மாற்றமில்லை. கணக்கைத் திரும்பப் போட்டால் மூன்றாம் காரணி 0.908357 ஆகிறது. ஒன்றரை ஆண்டு ஸ்பாட் 6.44-இலிருந்து 6.51-க்கு ஏறுகிறது, ஏழு பேசிஸ் பாயிண்ட், அதாவது சதவீதத்தின் நூறில் ஏழு பங்கு. இரண்டாண்டு ஸ்பாட் அசையவே இல்லை என்று சொல்லலாம், 6.56. ஸ்பாட் வளைவை வரைந்து பார்த்தால் யாரும் எதையும் சந்தேகிக்க மாட்டார்கள்.

ஃபார்வர்டைப் பாருங்கள். 6.38, 6.75, 6.94 என்று ஏறிக்கொண்டிருந்தது இப்போது 6.38, 6.97, 6.72. மூன்றாவது 22 பேசிஸ் பாயிண்ட் மேலே போய்விட்டது, நான்காவது அதே அளவு கீழே இறங்கிவிட்டது. விலையில் பத்து பைசா, ஸ்பாட்டில் ஏழு பாயிண்ட், ஃபார்வர்டில் பக்கத்துப் பக்கத்தில் மேலும் கீழுமாக 22. இந்த மேடும் அதை ஒட்டிய பள்ளமும்தான் அடையாளம். அடுத்தடுத்த இரண்டு ஃபார்வர்டுகள் ஏறக்குறைய ஒரே அளவில் எதிரெதிர்த் திசையில் விலகினால், அவற்றுக்கு நடுவே உள்ள தேதியில் முதிரும் பத்திரத்தின் விலையைப் போய்ப் பாருங்கள். பெரும்பாலும் கோளாறு அங்கே இருக்கும். சந்தை அந்த ஆறு மாதத்தில் வட்டி ஏறும், உடனே இறங்கும் என்று நினைக்கிறது என்று கட்டுரை எழுதிவிடாதீர்கள். அப்படி எழுதப்பட்டவற்றைப் படித்திருக்கிறேன்.

காலம் நீளும்போது இந்தப் பெருக்கம் கடுமையாகிறது. இங்கே உண்மையான இரண்டு பத்திரங்களைச் சொல்கிறேன். 2024 ஏப்ரலில் இந்திய அரசு 7.10 சதவீதக் கூப்பனோடு வெளியிட்ட பத்தாண்டுப் பத்திரம் 2034 ஏப்ரல் 8-இல் முதிர்கிறது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த 6.79 சதவீதப் பத்திரம் 2034 அக்டோபர் 7-இல் முதிர்கிறது. கடன்காரர் ஒருவரே, இடைவெளி சரியாக ஆறு மாதம். பூட்ஸ்ட்ராப்பிங் கற்பிக்க இதைவிட நல்ல ஜோடி அமையாது. ஆனால் புதிய பத்தாண்டுப் பத்திரம் வந்ததும் அதுவே சந்தையின் பெஞ்ச்மார்க் ஆகிவிடுகிறது. எல்லோரும் அதைத்தான் வாங்கி விற்பார்கள். நினைத்த நேரத்தில் விற்றுவிடலாம் என்ற வசதிக்காகவே அதற்குக் கொஞ்சம் கூடுதல் விலை கொடுப்பார்கள்.

அந்தக் கூடுதல் மூன்றே பேசிஸ் பாயிண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டுப் பத்திரத்தில் அது விலையில் இருபது பைசா சொச்சம். முன்னால் வரும் பத்தொன்பது கூப்பன்களின் மதிப்பும் முந்தைய காரணிகளால் ஏற்கெனவே கட்டப்பட்டுவிட்டது. ஆகவே அந்த இருபது பைசா முழுவதும் கடைசி வரவின் தலையில் விழுகிறது. வட்டி 6.8 சதவீத அளவில் இருந்தால் இருபதாவது காரணி 0.51 அளவில் இருக்கும். இருபது பைசா அதை ஏறக்குறைய 0.4 சதவீதம் உயர்த்துகிறது. ஆறு மாத ஃபார்வர்ட் அதே 0.4 சதவீதம் குறைகிறது. ஆண்டுக்குச் சொன்னால் 80 பேசிஸ் பாயிண்ட். விற்க வசதியான பத்திரம் என்பதற்காகக் கொடுத்த மூன்று பாயிண்ட், 2034-இன் நடுவில் வட்டி முக்கால் சதவீதத்துக்கு மேல் சரியும் என்ற தோற்றத்தை உண்டாக்குகிறது. இங்கே விலை தவறு என்று யாரையும் குறை சொல்ல முடியாது. இரண்டு விலைகளும் உண்மையான வியாபாரத்தில் வந்தவை. இரண்டு பத்திரங்களும் ஒரே சரக்கு என்று நாம் எடுத்துக்கொண்டதுதான் பொருந்தவில்லை.

தரவிலேயே வரும் பிழைகள் வேறு வகை. அவற்றில் இரண்டை மட்டும் சொல்கிறேன், மற்றவற்றைப் புத்தகத்தில் படித்துக்கொள்ளலாம்.

முதலாவது, திரையில் காணும் விலையில் சேர்ந்த வட்டி இல்லை. கூப்பன் தேதிக்குப் பின் மூன்று மாதம் கழித்து 7 சதவீதப் பத்திரம் வாங்கினால், பேசிய விலையோடு 1.75 ரூபாய் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மாதத்துக்கு 30 நாள், ஆண்டுக்கு 360 நாள் என்ற கணக்கில் இது வரும். பூட்ஸ்ட்ராப்பிங்குக்கு வேண்டியது கையிலிருந்து உண்மையில் போகும் முழுத் தொகை. அதை விட்டுவிட்டால் ஒன்றேகால் ஆண்டு மீதமுள்ள பத்திரத்தில் ஸ்பாட் ஏறக்குறைய ஒன்றரை சதவீதப் புள்ளி எகிறும். பார்த்த உடனே தெரிந்துவிடும். பத்தாண்டுப் பத்திரத்திலோ கால் சதவீதம்தான் ஈல்டில் விலகும். அது கண்ணுக்குத் தப்பிவிடும். அங்கேயும் காட்டிக்கொடுப்பது ஃபார்வர்ட்தான்.

இரண்டாவது, உண்டியலின் ஈல்டும் பத்திரத்தின் ஈல்டும் ஒரே மொழி பேசுவதில்லை. 94 ரூபாய்க்குக் கிடைக்கும் 364 நாள் உண்டியலின் ஈல்டைச் சந்தை 6.40 என்று சொல்லும். அது 365 நாள் அடிப்படையில் தனிவட்டி. நம் கணக்கில் அதே உண்டியலுக்கு வந்த எண் 6.28, அது அரை ஆண்டுக்கு ஒருமுறை கூட்டுவட்டி. யாராவது 6.40-ஐ எடுத்து அரை ஆண்டுச் சூத்திரத்தில் போட்டால் காரணி 0.9400 என்பது 0.9389 ஆகும். முதல் ஃபார்வர்ட் 6.38-க்குப் பதில் 6.61 காட்டும். இதனால்தான் நான் மாணவர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது: வட்டியில் கணக்குப் போடாதீர்கள், விலையிலும் காரணியிலும் போடுங்கள். வட்டியைக் கடைசியில், யாருக்காவது சொல்ல வேண்டியிருக்கும்போது, அவர்களுடைய வழக்கத்துக்கு மாற்றிச் சொல்லுங்கள்.

நான் போட்ட கணக்கில் முதிர்வுத் தேதிகள் ஆறு மாத இடைவெளியில் வரிசையாக அமைந்திருந்தன. நடைமுறையில் ஒரு பத்திரம் மே மாதம் முதிரும், அடுத்தது நவம்பரிலோ மறு ஆண்டு பிப்ரவரியிலோ முதிரும். கூப்பன் தேதிகள் ஒன்றோடொன்று பொருந்தா. நடுவில் உள்ள தேதிகளுக்குக் காரணியை ஊகித்து நிரப்ப வேண்டும். ஸ்பாட் விகிதங்களை நேர்கோட்டால் இணைப்பது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. ஸ்பாட் வளைவில் அது உறுத்தாது. ஃபார்வர்டில் ஒவ்வொரு இணைப்புப் புள்ளியிலும் ஒரு குதி விழும். காரணிகளின் மடக்கையை நேர்கோட்டால் இணைத்தால் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஃபார்வர்ட் மாறாமல் படிக்கட்டுபோல நிற்கும். அழகாக இருக்காது; ஆனால் எந்தப் பத்திரம் எந்தப் படியை உண்டாக்கியது என்று நேராகத் தெரியும். எனக்கு அது பிடிக்கும்.

அழகான வளைவு வேண்டும் என்பவர்கள் வேறு வழிக்குப் போனார்கள். 1971-இல் மெக்குல்லோக் காரணிகளின் மேல் ஸ்ப்ளைன் பொருத்தினார். 1987-இல் நெல்சனும் சீகலும் ஃபார்வர்ட் வளைவுக்கே நான்கு அளவுருக்கள் கொண்ட ஒரு சூத்திரம் வைத்தார்கள். 1994-இல் ஸ்வென்சன் அதில் இன்னொரு வளைவைச் சேர்த்தார். இந்தியாவில் கிளியரிங் கார்ப்பரேஷன் வெளியிடும் ஜீரோ கூப்பன் வளைவு இந்த நெல்சன்-சீகல்-ஸ்வென்சன் வகையைச் சேர்ந்தது. இந்த வழியில் எல்லா விலைகளும் அப்படியே திரும்பி வராது. ஒவ்வொரு பத்திரத்துக்கும் சில பைசா மேலேயோ கீழேயோ மிச்சம் நிற்கும். பூட்ஸ்ட்ராப்பிங்கில் அந்த மிச்சம் பூஜ்யம். எல்லா விலையும் காசு பிசகாமல் திரும்பி வரும். அதுதான் அதன் பலம், அதுதான் அதன் வம்பு. பிழையையும் வசதிக்கான கூடுதலையும் வட்டி என்று எடுத்துக்கொண்டு அது ஃபார்வர்டுக்குள் தள்ளிவிடும். மென்மையான வளைவோ அவற்றை மிச்சத்தில் ஒதுக்கி வைக்கும்.

என் வழக்கத்தைச் சொல்கிறேன். முதலில் பூட்ஸ்ட்ராப் செய்து ஃபார்வர்டை வரைந்து பார்ப்பேன், விலைகளைச் சோதிக்கும் கருவியாக. மேடும் பள்ளமுமாக நிற்கும் இடங்களில் உள்ள பத்திரங்களைத் தேடுவேன்: பழைய விலையா, சேர்ந்த வட்டி விடுபட்டதா, பெஞ்ச்மார்க்கா என்று. பழைய விலையென்றால் நீக்கிவிடுவேன்; பெஞ்ச்மார்க் என்றால் எடையைக் குறைப்பேன். அதற்குப் பிறகுதான் மென்மையான வளைவைப் பொருத்துவேன். நேராக மென்மையான வளைவுக்குப் போகிறவர்களுக்கு இந்த வேவு கிடைக்காது. ஒரு கெட்ட விலை மொத்த வளைவையும் கொஞ்சம் வளைத்துவிட்டு மறைந்துகொள்ளும்.

நல்ல விலைகளிலிருந்து வந்த ஃபார்வர்டும் வருங்கால வட்டியைப் பற்றிய ஜோசியம் ஆகாது. நீண்ட காலம் பணத்தை முடக்குகிறவர் விலை ஏற்றத்தாழ்வைத் தாங்குவதற்காகக் கேட்கும் கூடுதல் அதற்குள் கலந்திருக்கிறது. எதிர்பார்ப்பு எவ்வளவு, இந்தக் கூடுதல் எவ்வளவு என்று விலைகளை மட்டும் வைத்துப் பிரிக்க முடியாது. ஃபார்வர்ட் சொல்வது, இன்றைய விலைகளில் பூட்டக்கூடிய வட்டி என்ன என்பதை மட்டுமே.

அந்தப் பூட்டலிலும் நடைமுறைச் சிக்கல் உண்டு. ஓராண்டுக் காகிதத்தை விற்று ஒன்றரை ஆண்டுக் காகிதத்தை வாங்குவேன் என்று எளிதாகச் சொன்னேன். கையில் இல்லாத பத்திரத்தை விற்பதற்கு ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாடுகள் உண்டு. அதை ஓராண்டுக்கு அப்படியே வைத்திருக்க முடியாது. நீண்ட காலப் பொறுப்புகளை இன்றைய வட்டியிலேயே பூட்டிவைக்க விரும்பும் காப்பீட்டு நிறுவனங்களுக்கு இது நெடுநாள் இடைஞ்சல். 2025-இல் அரசுப் பத்திரங்களின் ஃபார்வர்ட் ஒப்பந்தங்களுக்கான விதிகளை ரிசர்வ் வங்கி வெளியிட்டது. அந்த ஆண்டு மே மாதம் அவை நடைமுறைக்கு வந்தன. பின்னொரு நாளில் குறிப்பிட்ட ஒரு பத்திரத்தை வாங்க இன்றே விலை பேசிக்கொள்ளலாம். அங்கே விலை சொல்லும் வங்கியாளர் நாம் இவ்வளவு நேரம் வரைந்த வளைவைத் திறப்பதில்லை. அந்தப் பத்திரத்தின் இன்றைய முழு விலையை எடுத்து, அதுவரை அதை ரெப்போவில் பணம் வாங்கிப் பிடித்து வைத்திருக்கும் செலவைக் கூட்டி, இடையில் வரும் கூப்பனையும் அது ஈட்டும் வட்டியையும் கழித்துச் சொல்கிறார். பெஞ்ச்மார்க்குக்கு உள்ள கூடுதல் விலை இங்கே பிழையாகாது; பேசப்படும் சரக்கே அந்தப் பத்திரம்தான் என்பதால் அது விலையோடு சேர்ந்தே போகிறது.